ஆர்கான் வாயுவின் இரண்டாம் விரியல் குணகம் 411 கெல்வினில் குறி மாறுவது ஏன்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மோல் ஆர்கான் வாயுவை ஒரு லிட்டர் கலத்தில் அடைத்து 300 கெல்வின் வெப்பநிலையில் வைத்தால், நல்லியல்பு வாயுச் சமன்பாட்டின்படி அழுத்தம் 24.94 பார் இருக்க வேண்டும். கலத்தில் உண்மையில் நிலவுவது ஏறத்தாழ 24.58 பார். அதே கலத்தை 600 கெல்வினுக்குச் சூடாக்கினால் சமன்பாடு 49.89 பார் என்கிறது. இம்முறை உண்மை அழுத்தம் அதைத் தாண்டி 50.5 பாரை ஒட்டி நிற்கிறது. வாயு அதுவே, கலமும் அதுவே, அணுக்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆனால் விலகலின் திசை தலைகீழாகிவிட்டது. இந்தத் திசைமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆர்கான் என்ற ஒரே வாயுவை வைத்து இறுதிவரை பின்தொடர்வதே இந்த ஆய்வின் நோக்கம். ஆர்கானைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது ஓரணு வாயு. கோள வடிவச் சமச்சீர் உடையது. நிலையான இருமுனைத் திருப்புத்திறன் அதற்கு இல்லை. ஆகவே இரண்டு அணுக்களுக்கு இடையிலான ஆற்றல் அவற்றின் தொலைவை மட்டுமே சார்ந்திருக்கிறது. அணுக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்ற சிக்கல் குறுக்கிடுவதில்லை.

விலகலை அளவிட நமக்குக் கிடைத்துள்ள கருவி விரியல் தொடர். லைடனில் பணியாற்றிய ஹைக் காமர்லிங் ஓனஸ் 1901-இல் மெய் வாயுக்களின் நடத்தையைத் தொடர் வடிவில் எழுதும் முறையை முன்வைத்தார். இன்று நாம் அதை இவ்வாறு எழுதுகிறோம்:

Z = pV/RT = 1 + B/V + C/V² + …

இங்கே V என்பது ஒரு மோலின் கனஅளவு. Z என்பது அமுக்கத்திறன் காரணி. B என்பது இரண்டாம் விரியல் குணகம், C மூன்றாவது. இவை இரண்டும் ஒரு குறிப்பிட்ட வாயுவுக்கு வெப்பநிலையை மட்டுமே சார்ந்தவை. B இரண்டு மூலக்கூறுகள் தனித்துச் சந்திப்பதன் விளைவையும், C மூன்று மூலக்கூறுகள் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று பாதிப்பதன் விளைவையும் தாங்கி நிற்கின்றன. இது வெறும் விளக்கச் சொல் அன்று. புள்ளியியல் இயக்கவியலிலிருந்து கண்டிப்பாக வருவிக்கப்படும் முடிவு. எனவே B-இன் குறியைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் இரண்டே அணுக்களின் கதையாக இருக்க வேண்டும். கூட்டத்தைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஆர்கானுக்கு 100 கெல்வினில் B ஏறத்தாழ −184 கன செ.மீ./மோல். வெப்பநிலை ஏற ஏற அது மேலே வருகிறது. முதலில் செங்குத்தாக, பிறகு மெதுவாக. 300 கெல்வினில் அது −15.6-ஐ ஒட்டியிருக்கிறது, 411 கெல்வின் அளவில் சுழியைக் கடக்கிறது, 600 கெல்வினில் +12-ஐ அடைகிறது. சுழியைக் கடக்கும் அந்த வெப்பநிலைக்குப் பாயில் வெப்பநிலை என்று பெயர். குறைந்த அழுத்தங்களில் அங்கே pV மாறாதிருப்பதால், பாயில் விதியை வாயு நன்றாகப் பின்பற்றுவதாகத் தோன்றும்.

பழகிய விளக்கத்தில் உள்ள ஓட்டை

வகுப்பறைகளில் இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இப்படி அமைகிறது: தாழ்ந்த வெப்பநிலையில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்வதால் ஒன்றையொன்று ஈர்க்க நேரம் கிடைக்கிறது, உயர்ந்த வெப்பநிலையில் அவை வேகமாகப் பறப்பதால் ஈர்ப்புக்கு நேரம் போதவில்லை, மோதல் மட்டுமே மிஞ்சுகிறது. கேட்பதற்கு இணக்கமாக இருந்தாலும் இந்த விளக்கம் ஒரு எளிய சோதனையில் தோற்றுவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆர்கான்-36, ஆர்கான்-40 ஆகிய இரண்டு ஐசோடோப்புகளை ஒரே வெப்பநிலையில் எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரான் கட்டமைப்பு ஒன்றே என்பதால் இரண்டிலும் அணுக்களுக்கு இடையிலான ஆற்றல் நடைமுறையில் ஒன்றுதான். ஆனால் இலேசான ஐசோடோப்பு 40/36-இன் வர்க்கமூல அளவில், அதாவது ஏறத்தாழ 5 விழுக்காடு, வேகமாக நகர்கிறது. ‘நேரம் போதவில்லை’ என்பதுதான் காரணம் என்றால் இரண்டின் B மதிப்புகளும் வேறுபட வேண்டும். அவற்றின் பாயில் வெப்பநிலைகளும் வேறுபட வேண்டும். செவ்வியல் கோட்பாட்டில் அவை வேறுபடுவதே இல்லை. B-ஐத் தரும் கோவையில் நிறை என்ற அளவு எங்கும் இடம்பெறவில்லை:

B(T) = −2πN ∫ (e^(−u(r)/kT) − 1) r² dr

இதில் N அவகாட்ரோ எண், k போல்ட்ஸ்மன் மாறிலி. u(r) என்பது r தொலைவில் உள்ள இரண்டு அணுக்களின் நிலையாற்றல். தொகையீடு சுழியிலிருந்து முடிவிலிவரை நீள்கிறது. வேகம், நிறை, மோதல் நேரம் ஆகியவற்றில் எதுவும் இதற்குள் இல்லை. வெப்பநிலை உள்ளே நுழையும் ஒரே வாசல் u/kT என்ற விகிதம். ஆகவே குறி மாற்றத்தின் விளக்கமும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

மேல் எல்லையும் கீழ் எல்லையும்

அடைப்புக்குறிக்குள் இருக்கும் e^(−u/kT) − 1 என்ற அளவை மேயர் சார்பு என்பர். அதை f என்று குறிப்போம். அதன் பொருள் எளிமையானது. இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று உணராதவையாக இருந்தால், ஓர் அணுவைச் சுற்றியுள்ள வெளியில் எந்த இடத்திலும் மற்றதைக் காணும் வாய்ப்பு ஒரே அளவாக இருக்கும். உண்மை அணுக்களில் அந்த வாய்ப்பு e^(−u/kT) மடங்காக மாறுகிறது. எனவே f என்பது ‘தற்செயலாக இருப்பதைக் காட்டிலும் எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு’ என்பதைச் சொல்லும் எண். ஓரிடத்தில் f = 0.2 என்றால் அங்கே மற்ற அணு இருப்பதற்கான வாய்ப்பு 20 விழுக்காடு கூடுதல்; f = −1 என்றால் அது அங்கே இருக்கவே முடியாது.

விலக்கும் பகுதியில், அதாவது அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புக முயலும் தொலைவுகளில், u மிகப் பெரியது. f அங்கே −1 ஆகிறது. 100 கெல்வினிலும் −1, 1000 கெல்வினிலும் ஏறத்தாழ −1. ஓர் இடம் காலியாகிவிட்ட பிறகு அதைவிடக் காலியாக முடியாது. ஆகவே விலக்கத்தின் பங்களிப்புக்குக் கீழ் எல்லை உண்டு, அது வெப்பநிலையைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஈர்க்கும் பகுதியில் நிலைமை வேறு. அங்கே u எதிர்க்குறி உடையதாகையால் f நேர்க்குறி பெறுகிறது. அதற்கு மேல் எல்லை என்று எதுவும் இல்லை. வெப்பநிலை இறங்கும்போது அது அடுக்குக்குறி வேகத்தில் வளர்கிறது. வெப்பநிலை ஏறும்போது சுழியை நோக்கித் தேய்கிறது.

B-இன் குறி மாறுவதற்குக் காரணம் முழுவதும் இந்தச் சமச்சீரின்மையில் அடங்கியிருக்கிறது. சூடாக்கும்போது விலக்கம் வலுப்பெறுவதில்லை; அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஈர்ப்பு விசையும் வலுவிழப்பதில்லை. u(r) என்ற வளைகோடு வெப்பநிலையை அறியாது. குறைவது ஒன்றே ஒன்றுதான்: ஈர்ப்புப் பகுதியில் அணுக்கள் கூடியிருப்பதற்கான அதிகப்படி வாய்ப்பு. அந்த அதிகப்படி தேயத் தேய, அசையாமல் நின்ற விலக்கத்தின் பங்கு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது.

எண்களில்: சதுரக் கிணறு மாதிரி

இதை எண்களில் காண மிக எளிய மாதிரி ஒன்று போதும். அணுவின் கடின மையம் σ என்ற தொலைவுவரை நீள்கிறது; அதற்குள் மற்ற அணு வரவே முடியாது. σ முதல் λσ வரையுள்ள கூட்டில் ஆற்றல் −ε என்ற ஒரே மதிப்பில் இருக்கிறது. அதற்கு அப்பால் சுழி. ஆற்றல் வளைகோட்டின் வடிவத்தை ஒட்டி இதற்குச் சதுரக் கிணறு மாதிரி என்று பெயர். தொகையீடு இரண்டு துண்டுகளாகப் பிரிந்து, கையாலேயே முடிந்துவிடுகிறது:

B = b₀ [1 − (λ³ − 1)(e^(ε/kT) − 1)],  b₀ = 2πNσ³/3

ஆர்கானுக்குப் பொருத்தமாகக் கொள்ளப்படும் மதிப்புகள் σ = 3.162 ஆங்ஸ்ட்ராம், λ = 1.85, ε/k = 69.4 கெல்வின். இவற்றிலிருந்து b₀ = 39.87 கன செ.மீ./மோல் என்று வருகிறது. λ³ − 1 = 5.33. இந்த 5.33 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கூட்டின் கனஅளவு கடின மையத்தின் கனஅளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் என்பதே அதன் பொருள். தொலைவில் பார்த்தால் கூடு மையத்தைவிட இரண்டு மடங்குகூட எட்டவில்லை. ஆனால் கனஅளவு தொலைவின் முப்படியாக வளர்வதால், ஈர்ப்புக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகப் பெரியது.

300 கெல்வினில் கணக்கிடுவோம். ε/kT = 69.4/300 = 0.2313. அதன் அடுக்குக்குறி மதிப்பு 1.2603; ஆகவே கூட்டில் f = 0.2603. இதை 5.33-ஆல் பெருக்கினால் 1.388. அடைப்புக்குள் 1 − 1.388 = −0.388; b₀-ஆல் பெருக்க, B = −15.5. அளவிடப்பட்ட மதிப்போடு இது வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. மற்ற வெப்பநிலைகளில் கிடைக்கும் மதிப்புகளைக் கீழே தருகிறேன். அளவீட்டு மதிப்புகள் தோராயமாக முழுமைப்படுத்தப்பட்டவை, அலகு கன செ.மீ./மோல்.

| வெப்பநிலை (கெல்வின்) | அளவீடு | சதுரக் கிணறு |
|---|---|---|
| 100 | −184 | −173 |
| 200 | −48 | −48.3 |
| 300 | −15.6 | −15.5 |
| 400 | −1 | −0.4 |
| 500 | +7 | +8.2 |
| 600 | +12 | +13.8 |

B சுழியாகும் இடத்தைத் தேடினால், e^(ε/kT) − 1 = 1/5.33 = 0.188 என்ற நிபந்தனை கிடைக்கிறது; அதிலிருந்து T = 404 கெல்வின். உண்மை மதிப்பான 411-க்கு இது மிக அருகில் இருக்கிறது என்பதைவிட, 0.188 என்ற எண் சொல்லும் செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாயில் வெப்பநிலையில் கூட்டுக்குள் மற்ற அணுவைக் காணும் வாய்ப்பு தற்செயல் அளவைவிட 19 விழுக்காடு மட்டுமே கூடுதல். மையத்திலோ இழப்பு முழுமையானது, நூறு விழுக்காடு. ஆனால் 19 விழுக்காட்டு ஆதாயம் 5.33 மடங்கு பெரிய இடத்தில் கிடைக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாக ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

வெப்ப ஆற்றல் kT கிணற்றின் ஆழமான ε-ஐ எட்டியவுடன் ஈர்ப்பு தோற்றுவிடும் என்று பலர் எண்ணுவது ஏன் தவறு என்பதும் இங்கே புரிகிறது. இந்த மாதிரியில் ஆர்கானின் kT கிணற்றாழத்தைப் போல் ஏறத்தாழ 5.8 மடங்கு ஆன பிறகுதான் குறி மாறுகிறது. மென்மையான வளைவுடைய லென்னார்ட்-ஜோன்ஸ் ஆற்றலில் கிணறு ஆழமாகவும் ஒடுங்கியும் இருப்பதால் அந்த விகிதம் 3.42 ஆகிறது; ஆர்கானுக்கு ε/k = 119.8 என்று கொண்டால் அதுவும் 409 கெல்வினையே தருகிறது. ஆழம் வேறு, அகலம் வேறு என்றாலும் இரண்டு மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்பதற்குக் காரணம், B ஒரு தொகையீடு என்பதே. ஆழத்தையும் அகலத்தையும் அது தனித்தனியே பார்ப்பதில்லை. இரண்டின் கூட்டு விளைவை மட்டும் பார்க்கிறது. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: B-இன் மதிப்புகள் அழகாகப் பொருந்துகின்றன என்பதால் அணுக்களுக்கு இடையிலான ஆற்றலின் வடிவம் நிறுவப்பட்டுவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

வாண்டர் வால்ஸ் சமன்பாடு எங்கே வழுக்குகிறது

பாடநூல்களில் B = b − a/RT என்ற வாண்டர் வால்ஸ் வடிவமே முதலில் வருகிறது; பாயில் வெப்பநிலை a/Rb என்றும் எழுதப்படுகிறது. ஆர்கானுக்கு a = 1.355 பார் லிட்டர்²/மோல்², b = 0.0320 லிட்டர்/மோல். இவற்றைப் பிரதியிட்டால் பாயில் வெப்பநிலை ஏறத்தாழ 509 கெல்வின் என்று வருகிறது; உண்மையைவிட நூறு கெல்வின் அளவுக்கு அதிகம். 300 கெல்வினில் B = −22.3 என்று வருகிறது, உண்மை −15.6.

குறி ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு வாண்டர் வால்ஸ் வடிவம் தரும் விடை பண்பளவில் சரியே: b நிலையாக நிற்கிறது, a/RT தேய்கிறது. ஆனால் இது சதுரக் கிணற்றுக் கோவையில் e^(ε/kT) − 1 என்பதை ε/kT என்று சுருக்கியதற்கு ஒப்பானது. உயர் வெப்பநிலையில் அந்தச் சுருக்கம் பொருந்தும். தாழ் வெப்பநிலையில் அடுக்குக்குறி வளர்ச்சியை அது இழந்துவிடுகிறது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான a, b மதிப்புகள் ஆர்கானின் நிலைமாறு வெப்பநிலையான 150.7 கெல்வினில் உள்ள நடத்தைக்குப் பொருத்தி எடுக்கப்பட்டவை. அடர்த்தி மிகுந்த, பல அணுக்கள் நெருங்கிய அந்த நிலையைச் சரிசெய்யத் தேர்ந்த இரண்டு எண்களை, இரண்டே அணுக்களின் சந்திப்பைச் சொல்ல வேண்டிய B-க்குள் நுழைக்கிறோம். பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. பாயில் வெப்பநிலை நிலைமாறு வெப்பநிலையைப் போல் 27/8 மடங்கு, அதாவது 3.375 மடங்கு, என்று மனப்பாடம் செய்யப்படும் விதியும் இதே குறையைச் சுமக்கிறது. ஆர்கானில் உண்மை விகிதம் 2.7-ஐ ஒட்டியது.

சுழியைக் கண்டுபிடிக்கும்போது நேரும் பிழைகள்

B-ஐ அளவிடுவதில் கொள்கை எளிது. ஒரே வெப்பநிலையில் பல அடர்த்திகளில் அழுத்தத்தை அளந்து, (Z − 1)V என்ற அளவை 1/V-க்கு எதிராக வரைந்தால், தொடரின்படி அது B + C/V + … ஆக இருக்கும். அடர்த்தி சுழியை நோக்கிப் போகும்போது கோடு வெட்டும் இடம் B. தொடக்கச் சரிவு C. சிக்கல்கள் வரைபடத்தின் இரண்டு முனைகளிலும் காத்திருக்கின்றன. அவை B-ஐ எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன.

அடர்த்தி மிகுந்த முனையில் உள்ள சிக்கல் C-ஐப் புறக்கணிப்பது. ஆர்கானுக்கு 400 கெல்வின் சுற்றுவட்டத்தில் C ஏறத்தாழ 1000 செ.மீ.⁶/மோல்². ஒரு லிட்டருக்கு ஒரு மோல் என்ற அடர்த்தியில் ஒரே ஒரு புள்ளியை அளந்து, (Z − 1)V-ஐயே B என்று எடுத்துக்கொண்டால், மதிப்பு ஏறத்தாழ 1 கன செ.மீ. அளவுக்கு மேலே போய்விடும். சிறிய பிழை போலத் தெரிகிறது. ஆனால் பாயில் வெப்பநிலையின் அருகே B ஒவ்வொரு கெல்வினுக்கும் 0.1 கன செ.மீ./மோல் மட்டுமே மாறுகிறது. ஆகவே அந்த ஓர் அலகுப் பிழை பாயில் வெப்பநிலையைப் பத்து கெல்வின் கீழே தள்ளிவிடும். அடர்த்தியை இரட்டித்தால் பிழை இருபது கெல்வின் ஆகும். ‘பாயில் வெப்பநிலை அழுத்தத்தைப் பொறுத்து மாறுகிறது’ என்று யாரேனும் எழுதியிருந்தால், பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: அவர்கள் Z = 1 ஆகும் இடத்தைத் தேடியிருக்கிறார்கள், B = 0 ஆகும் இடத்தை அல்ல. முன்னது அடர்த்தியைச் சார்ந்தது, பின்னது சாராதது.

அடர்த்தி குறைந்த முனையில் இருப்பது வேறு வகைச் சிக்கல். கலத்தின் சுவர்களில் வாயுவின் ஒரு சிறு பகுதி படிகிறது. அது அழுத்தத்தில் பங்கேற்பதில்லை. குறைந்த அழுத்தத்தில் படியும் அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வாயுவில் ஒரு நிலையான பின்னம் எப்போதும் காணாமல் போகிறது. அந்தப் பின்னத்தை δ என்று கொண்டால், வரைபடத்தில் −δV என்ற உறுப்பு கூடுதலாகச் சேர்கிறது; அடர்த்தி குறையக் குறைய V பெருகுவதால் அது கட்டுக்கடங்காமல் வளரும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வாயு மட்டுமே சுவரில் ஒட்டியிருந்தாலும், மோலுக்கு 10 லிட்டர் என்ற நிலையில் B ஓர் அலகு கீழே தெரியும். பாயில் வெப்பநிலையும் அதற்கேற்பப் பத்து கெல்வின் உயர்ந்து தோன்றும். கலத்தின் கனஅளவை அல்லது வாயுவின் நிறையை அளப்பதில் நேரும் அதே அளவுப் பிழையும் வரைபடத்தில் இதே முகத்தோடுதான் வரும். இதைக் கண்டுகொள்ளும் அடையாளம் தெளிவானது: கோடு நேராக வந்து அச்சை வெட்டாமல், கடைசிப் புள்ளிகளில் திடீரென மேலோ கீழோ வளையும். அப்படி வளைவதைக் கண்டால் அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டுக் கோட்டைப் பொருத்துவதைவிட, கலத்தைச் சந்தேகிப்பதே முறையானது.

கனஅளவையும் நிறையையும் அளக்கும் தேவையையே தவிர்க்க 1936-இல் பர்னெட் ஒரு வழி கண்டார். இரண்டு கலங்களில் ஒன்றில் வாயுவை நிரப்பி அழுத்தத்தை அளந்து, வெற்றிடமாக்கிய மற்றதற்குள் அதை விரியவிட்டு மீண்டும் அளப்பது. பிறகு இரண்டாவதை மறுபடி வெற்றிடமாக்கி இதையே தொடர்வது. அடுத்தடுத்த அழுத்தங்களின் விகிதம் அழுத்தம் சுழியை நெருங்கும்போது இரு கலங்களின் மொத்தக் கனஅளவுக்கும் முதல் கலத்தின் கனஅளவுக்கும் உள்ள விகிதத்தை அடைகிறது. ஆகவே அழுத்தமானியும் நிலையான வெப்பநிலையும் இருந்தால் போதும். சுவரில் படிதல் இதிலும் தொல்லை தரவே செய்யும். அதனால் தாழ் வெப்பநிலைகளில் ஒலியின் வேகத்தை அளந்து B-ஐ வருவிக்கும் முறையைப் பலர் நம்புகிறார்கள். ஒலியின் வேகத்துக்குக் கலத்தில் எத்தனை மோல் வாயு இருக்கிறது என்ற கணக்கு தேவையில்லை.

B சுழியானால் எது சுழியாகவில்லை

பாயில் வெப்பநிலையில் ஆர்கான் நல்லியல்பு வாயுவாகிவிடுகிறது என்ற சொற்றொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அங்கே ஈர்ப்பும் விலக்கமும் மறைந்துவிடவில்லை. ஒரு தொகையீட்டுக்குள் அவை சமன்பட்டிருக்கின்றன. வேறொரு தொகையீட்டில் அந்தச் சமநிலை நிற்காது. இதற்கு மிகத் தெளிவான சான்று ஜூல்–தாம்சன் விளைவு. வாயுவை நுண்துளை வழியே உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தத்துக்கு விரியவிடும்போது ஏற்படும் வெப்பநிலை மாற்றம், குறைந்த அழுத்த எல்லையில், T(dB/dT) − B என்ற அளவைச் சார்ந்தது. 411 கெல்வினில் இரண்டாவது உறுப்பு சுழி. ஆனால் B அங்கே ஏறிக்கொண்டே இருக்கிறது. கெல்வினுக்கு 0.1 வீதம் என்று கொண்டால் முதல் உறுப்பு ஏறத்தாழ 41 கன செ.மீ./மோல். ஆர்கானின் மோலார் வெப்ப ஏற்புத்திறனான 20.8 ஜூல்/மோல் கெல்வினால் இதை வகுத்தால், ஒரு பார் அழுத்தக் குறைவுக்கு 0.2 கெல்வின் குளிர்ச்சி என்று வருகிறது. பாயில் விதியைப் பின்பற்றுவதாகத் தோன்றும் அதே வாயு, துளை வழியே விரியும்போது குளிர்கிறது. நல்லியல்பு வாயு ஒருபோதும் அப்படிச் செய்யாது.

இந்தக் குளிர்ச்சி மறைந்து சூடேற்றமாக மாறும் இடம் எதிர்மாறு வெப்பநிலை. சதுரக் கிணறு மாதிரியில் T(dB/dT) = B என்று வைத்துத் தீர்த்தால் அது 790 கெல்வினை ஒட்டி வருகிறது; லென்னார்ட்-ஜோன்ஸ் ஆற்றல் 770-ஐ ஒட்டித் தருகிறது. எனவே 411 முதல் ஏறத்தாழ 780 கெல்வின் வரையுள்ள அகன்ற இடைவெளியில் ஆர்கானின் B நேர்க்குறியோடு இருக்கிறது, ஆயினும் விரியும்போது வாயு குளிர்கிறது. B நேர்க்குறி என்பதால் ‘விலக்கமே ஓங்கியிருக்கிறது, ஆகவே வாயு சூடாக வேண்டும்’ என்று முடிவு கட்டினால், இந்த இடைவெளி முழுவதிலும் விடை தவறாகிவிடும்.

சூடாக்கிக்கொண்டே போனால்

சதுரக் கிணறு மாதிரியின்படி B முடிவில்லாமல் ஏறி b₀-ஐ, அதாவது 39.87-ஐ, நெருங்க வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. அட்டவணையில் 500, 600 கெல்வின்களில் மாதிரி அளவீட்டைவிட மேலே போகத் தொடங்குவதே அதற்கான முதல் அறிகுறி. 1000 கெல்வினில் மாதிரி 24.6 என்கிறது, அளவீடோ 22-ஐ ஒட்டியே நிற்கிறது. அணுவின் மையம் கல்லைப் போன்ற கோளம் அல்ல. விலக்கம் செங்குத்தானது என்றாலும் எல்லையற்றது அல்ல. வெப்பநிலை மிக உயரும்போது அணுக்கள் ஒன்றையொன்று சற்று உள்ளே அழுத்தி நெருங்குகின்றன; f = −1 என்றிருந்த பகுதியின் ஓரம் உள்நோக்கி நகர்கிறது. விலக்கப்பட்ட கனஅளவு மெல்லச் சுருங்குகிறது. முன்பு விலக்கம் வெப்பநிலையைப் ‘பெரும்பாலும்’ பொருட்படுத்துவதில்லை என்று எழுதியதன் காரணம் இதுவே. இதனால் B ஓர் உச்சத்தை அடைந்து பிறகு இறங்க வேண்டும். லென்னார்ட்-ஜோன்ஸ் ஆற்றலில் அந்த உச்சம் kT கிணற்றாழத்தைப் போல் ஏறத்தாழ 25 மடங்காகும் இடத்தில் வருகிறது. ஆர்கானுக்கு அது 3000 கெல்வின்; வழக்கமான அழுத்தக் கலங்களுக்கு எட்டாத இடம்.

ஆனால் ஹீலியத்தில் கிணறு மிக ஆழம் குறைந்தது, ε/k ஏறத்தாழ 10 கெல்வின் மட்டுமே. அதன் பாயில் வெப்பநிலை 23 கெல்வின் அளவில் முடிந்துவிடுகிறது. உச்சமும் அறை வெப்பநிலைக்குக் கீழேயே கடந்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் ஹீலியத்தின் B ஏறத்தாழ +12 கன செ.மீ./மோல், அதைச் சூடாக்கினால் B கூடுவதில்லை, மெல்லக் குறைகிறது. ஆர்கானில் காண முடியாத வளைகோட்டின் மறுபாதியை ஹீலியம் நமக்குச் சாதாரண ஆய்வகத்திலேயே காட்டுகிறது.

ஐசோடோப்புகளைப் பற்றி மேலே சொன்ன வாதம் தன் எல்லையை அடைவதும் ஹீலியத்தில்தான். ஹீலியம்-3, ஹீலியம்-4 ஆகியவற்றின் B மதிப்புகள் சில கெல்வின் வெப்பநிலைகளில் தெளிவாக வேறுபடுகின்றன. வேகமாகப் பறக்கும் அணுவுக்கு ஈர்க்க நேரம் கிடைக்கவில்லை என்பது அங்கும் காரணம் அல்ல. இலேசான அணுவின் அலை நீளம் கிணற்றின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆகிவிடுவதால், e^(−u/kT) என்ற செவ்வியல் நிகழ்தகவே அங்கே செல்லாது. நிறை கோவைக்குள் நுழைவது குவாண்டம் இயக்கவியல் வழியாகத்தான். ஆர்கானில், 411 கெல்வினில், அந்தத் திருத்தம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது.